எம்டி5 மோதலும் போலிச் சான்றிதழும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் நெட்வொர்க் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுக்கும்போதும், பழைய சர்வர்களின் சான்றிதழ்களை மாற்றும் வேலைக்காகப் பெருங்குடி, சிறுசேரி அலுவலகங்களுக்குப் போகும்போதும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. "எம்டி5 உடைந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள்; உடைந்தது எது, அதை வைத்து ஒருவரால் என்ன செய்ய முடிந்தது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். 2008இல் செய்து காட்டப்பட்ட ஒரே ஒரு தாக்குதலையே பெரும்பாலும் பின்தொடர்கிறேன். அது புரிந்தால் மற்றவை தாமாகவே புரியும்.

ஹேஷ்னா என்ன சார்? சான்றிதழ்ல அதுக்கு என்ன வேலை?

எவ்வளவு நீளமான தரவைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும் முறைதான் ஹேஷ். எம்டி5 தருவது 16 பைட், ஷா-1 தருவது 20 பைட், இன்று சான்றிதழ்களில் பரவலாக இருக்கும் ஷா-256 தருவது 32 பைட்.

ஓர் இணையதளத்தின் சான்றிதழில் வரிசை எண், வழங்கிய அமைப்பின் பெயர், செல்லுபடிக் காலம், தளத்தின் பெயர், அதன் பொதுச் சாவி ஆகியவை இருக்கின்றன. சான்றளிக்கும் அமைப்பு, அதாவது சி.ஏ., இவை முழுவதன்மேலும் நேரடியாகக் கையொப்பமிடுவதில்லை. இவற்றின் ஹேஷைக் கணக்கிட்டு, அந்தச் சிறிய எண்ணின்மேல் மட்டுமே கையொப்பமிடுகிறது. பிரவுசரும் தன் பங்குக்கு அதே ஹேஷைக் கணக்கிட்டு, கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே வெவ்வேறு உள்ளடக்கம் கொண்ட இரண்டு சான்றிதழ்களுக்கு ஒரே ஹேஷ் வந்துவிட்டால், ஒன்றில் உள்ள கையொப்பத்தை வெட்டி மற்றொன்றில் ஒட்டலாம். சி.ஏ.வின் ரகசியச் சாவியைத் தொடவே வேண்டியதில்லை.

எந்த ஹேஷா இருந்தாலும் மோதல் இருக்கத்தானே செய்யும்? அதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு?

இருக்கத்தான் செய்யும். உள்ளே வரக்கூடிய தரவுக்கு எல்லையில்லை, வெளியே வரும் எண்ணுக்கு 128 பிட்தான் என்றால், எங்கோ இரண்டு தரவுகள் ஒரே எண்ணைத் தந்தே தீரும்; அதைத்தான் மோதல் என்கிறோம். அப்படி ஒரு ஜோடியை யாராவது தேடிப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. 23 பேர் உள்ள வகுப்பில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதைப் பலரும் அறிவார்கள். அதே கணக்கின்படி, குறையே இல்லாத 128 பிட் ஹேஷில் கண்ணை மூடிக்கொண்டு தேடினால் ஏறத்தாழ 2^64 முயற்சிகளில் ஒரு மோதல் கிடைக்கும்.

எம்டி5இல் அவ்வளவு தேட வேண்டியதில்லை என்று ஷியாவ்யுன் வாங்கும் அவருடைய குழுவினரும் 2004 ஆகஸ்டில் காட்டினார்கள். எம்டி5 தரவை 64 பைட் துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டையும் ஓர் உள்நிலையோடு கலக்கிக்கொண்டே போகிறது. இரண்டு தரவுகளுக்கிடையே எந்தெந்த பிட்டுகளில் வித்தியாசம் வைத்தால், கலக்கும் வழியில் அந்த வித்தியாசம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்ற பாதையை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அன்று பெரிய இயந்திரம் ஒன்றில் ஒரு மணி நேரம் பிடித்த அந்த வேலை, சில ஆண்டுகளிலேயே சாதாரண மடிக்கணினியில் நொடிகளில் முடியும் வேலையாயிற்று.

அப்படின்னா எங்க பேங்கோட சான்றிதழை எடுத்து, அதே ஹேஷ் வர்ற மாதிரி இன்னொண்ணு செஞ்சிட முடியுமே?

முடியாது. பலரும் குழம்பும் இடம் இதுதான். ஏற்கெனவே இருக்கும் ஒரு சான்றிதழுக்குப் பொருந்தும்படி இன்னொன்றைத் தேடுவது வேறு வேலை. எம்டி5இல்கூட இன்றுவரை நடைமுறையில் அதைச் செய்ய யாருக்கும் வழி கிடைக்கவில்லை. மோதலில் இரண்டு பக்கமும் தாக்குபவர் கையில் இருக்க வேண்டும். இரண்டையும் அவரே சேர்த்துச் செதுக்குகிறார்.

எனவே தாக்குபவர் இரண்டு சான்றிதழ்களைத் திட்டமிட வேண்டும்: ஒன்று சி.ஏ. சந்தேகமின்றிக் கையொப்பமிடக்கூடிய சாதுவான சான்றிதழ், மற்றொன்று யாரும் கையொப்பமிட மறுக்கும் சான்றிதழ். முதலாவதைக் காசு கொடுத்து முறைப்படி வாங்கி, அதன் கையொப்பத்தை இரண்டாவதற்கு மாற்றுவதே தாக்குதல்.

2004லயே உடைஞ்சிடுச்சுன்னா 2008 வரைக்கும் சி.ஏ.க்கள் ஏன் சும்மா இருந்தாங்க?

முதலில் கிடைத்த மோதலுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இரண்டு தரவுகளின் தொடக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். நடுவில் 128 பைட் அளவுக்குப் பொருளற்ற பைட்டுகள் மட்டும் சற்றே வேறுபடும். அதன்பின் மீண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 2005இல் லென்ஸ்ட்ரா, வாங், டி வேகர் மூவரும் இதை வைத்து மோதும் இரண்டு சான்றிதழ்களை உருவாக்கினார்கள். ஆனால் பெயர் முதலிய எல்லாம் இரண்டிலும் ஒன்றே; பொதுச் சாவி மட்டுமே வேறு. தன் பெயரிலேயே இரண்டு சான்றிதழ் வைத்திருப்பவரால் யாரை ஏமாற்ற முடியும் என்று சி.ஏ.க்கள் கேட்டதில் ஓரளவு நியாயம் இருந்தது.

2006இல் மார்க் ஸ்டீவன்ஸ், லென்ஸ்ட்ரா, டி வேகர் ஆகியோர் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தார்கள். தொடக்கம் இரண்டும் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அவற்றின் பின்னால் கணக்கிட்ட பைட்டுகளைச் சேர்த்து ஹேஷை ஒன்றாக்கிவிடலாம். இதை விரும்பிய தொடக்க மோதல் என்று இங்கே அழைக்கிறேன். இதைக்கொண்டு வெவ்வேறு இருவர் பெயரில் மோதும் சான்றிதழ்களைச் செய்தும் காட்டினார்கள். அப்போதாவது எம்டி5ஐ நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அதைச் செய்யப் பல மாதங்கள் கணினிகள் ஓடின, வந்த பொதுச் சாவியும் 8192 பிட் என்ற வினோத நீளத்தில் இருந்தது, கையொப்பமிட்டதும் உண்மையான சி.ஏ. அல்ல. "ஆராய்ச்சிக்கூடத்தோடு சரி" என்று ஒதுக்க இவ்வளவு போதுமானதாக இருந்தது.

2008ல அப்படி என்னதான் செஞ்சாங்க?

2008 டிசம்பர் 30 அன்று பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் மாநாட்டில், சோடிரோவ், ஸ்டீவன்ஸ், ஆப்பெல்பாம், லென்ஸ்ட்ரா, மோல்னார், ஓஸ்விக், டி வேகர் ஆகிய ஏழு பேர் கொண்ட குழு, எல்லா பிரவுசர்களும் நம்பும் ஓர் இடைநிலை சி.ஏ. சான்றிதழை, அதாவது பிறருக்குச் சான்றிதழ் வழங்க அதிகாரம் தரும் சான்றிதழைத் தாங்கள் கையில் வைத்திருப்பதாக அறிவித்தது. அவர்கள் முதலில் இணையத்திலிருந்து சுமார் 30,000 தளச் சான்றிதழ்களைத் திரட்டினார்கள். அவற்றில் சுமார் 9,000 இன்னும் எம்டி5இல் கையொப்பமிடப்பட்டிருந்தன. அந்த 9,000இல் 97 சதவீதம் ரேபிட்எஸ்எஸ்எல் என்ற ஒரே சி.ஏ. வழங்கியவை. இலக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

பிறகு தங்கள் சொந்தத் தளத்துக்கு அந்த சி.ஏ.விடம் ஒரு சாதாரணச் சான்றிதழ் வாங்கினார்கள். வாங்குவதற்கு முன்பே, அந்தச் சான்றிதழோடு மோதும்படி ஒரு சி.ஏ. சான்றிதழைத் தயாரித்து வைத்திருந்தார்கள். கணக்குக்கு லொசான் நகரின் இ.பி.எஃப்.எல். ஆய்வகத்தில் அடுக்கி வைத்திருந்த 200க்கு மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிகள் பயன்பட்டன. அந்தப் பெட்டியின் செல் சிப் இவ்வகைத் தேடலை மிக வேகமாகச் செய்யும். ஒருமுறை மோதலைக் கணக்கிட ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை பிடித்தது. சான்றிதழ்களுக்காகச் செலவான தொகை மொத்தம் 657 டாலர்.

சி.ஏ. இன்னும் தராத சான்றிதழ்ல என்ன இருக்கும்னு முன்னாடியே எப்படித் தெரியும்?

இந்தத் தாக்குதலின் உயிரே இதில்தான் இருக்கிறது. மோதலைக் கணக்கிட வேண்டுமானால், மோதல் பைட்டுகளுக்கு முன்னால் வரும் ஒவ்வொரு பைட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தளத்தின் பெயர் விண்ணப்பிப்பவருடையது, சி.ஏ.வின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவை இரண்டு: வரிசை எண், செல்லுபடி தொடங்கும் நேரம். சான்றிதழின் அமைப்பில் இவ்விரண்டும் பொதுச் சாவிக்கு முன்னால் வருகின்றன.

ரேபிட்எஸ்எஸ்எல்லில் இரண்டையும் கணிக்க முடிந்தது. முழுக்கத் தானியங்கி முறையாக இருந்ததால், ஒப்புதல் பொத்தானை அழுத்திய சரியாக 6 விநாடி கழித்துச் சான்றிதழ் உருவாயிற்று. தொடக்க நேரமாக அந்த விநாடியே பதிவாயிற்று. வரிசை எண் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போயிற்று. வார இறுதியில் விற்பனை குறைவு என்பதால் மூன்று நாளில் சுமார் 800 முதல் 1,000 வரைதான் எண் ஏறும். எனவே வெள்ளிக்கிழமை ஒரு சான்றிதழ் வாங்கி அன்றைய எண்ணைத் தெரிந்துகொண்டு, ஞாயிறு இரவு எட்டக்கூடிய ஓர் எண்ணையும் ஒரு விநாடியையும் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து மோதலைக் கணக்கிட்டார்கள். ஞாயிறு இரவு எண் கொஞ்சம் பின்தங்கியிருந்தால், தாங்களே சில சான்றிதழ்களை வாங்கி அதை முன்னுக்குத் தள்ளினார்கள். குறித்த விநாடிக்கு 6 விநாடி முன்பு கடைசிப் பொத்தான்.

வேறு யாராவது அந்த நேரத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் எண் தவறிவிடும், கணக்கு முழுவதும் வீண். முதல் மூன்று முயற்சிகள் அப்படித் தவறின. நான்காவது வார இறுதியில், கிரீன்விச் நேரப்படி 2008 நவம்பர் 3 காலை 7:52:02 மணிக்கு, அதாவது அமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்னும் ஞாயிறு இரவாக இருந்தபோது, 643015 என்ற வரிசை எண்ணோடு சான்றிதழ் வந்தது. குறித்து வைத்திருந்த எண்ணும் விநாடியும் அவைதான்.

மோதலுக்காகச் சேர்க்கிற குப்பை பைட்டெல்லாம் சான்றிதழ்ல கண்ணுக்குத் தெரியாதா?

இரண்டு சான்றிதழிலும் வெவ்வேறு விதமாக ஒளிந்தன. சாதுவான சான்றிதழில் அவை பொதுச் சாவிக்குள் இருந்தன. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி என்பது பார்வைக்கு எப்படியும் ஒழுங்கில்லாத பைட்டுகளின் வரிசைதான். அதில் 204 பைட் கணக்கிட்டு வைக்கப்பட்டவை என்று எந்த சி.ஏ.வும் பார்த்துச் சொல்ல முடியாது.

போலியில் அதே இடத்துக்கு நேராக வேறு ஏற்பாடு. அதன் வரிசை எண், காலம், பெயர், அவர்களுக்கே உரிய ஒரு சிறிய பொதுச் சாவி, "இது ஒரு சி.ஏ." என்று சொல்லும் குறிப்பு ஆகிய எல்லாம் முன்பகுதியிலேயே முடிந்துவிடும். அதன்பின் நெட்ஸ்கேப் காலத்திலிருந்து மிச்சமிருந்த ஒரு கருத்துரைப் புலம் தொடங்கும். பிரவுசர்கள் அந்தப் புலத்தைப் படிப்பதே இல்லை. மோதல் பைட்டுகளும், அவற்றுக்குப் பின்னால் சாதுவான சான்றிதழில் இருந்த மிச்சம் எல்லாமும் அப்படியே அந்தக் கருத்துரைக்குள் கொட்டப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பகுதியைக் கட்டி என்றே அழைத்தார்கள், பொருத்தமான பெயர்தான்.

மிச்சத்தை அப்படியே கொட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. எம்டி5 துண்டு துண்டாகக் கலக்குவதால், ஒரு துண்டின் முடிவில் இரண்டு உள்நிலைகளும் ஒன்றாகிவிட்டால், அதன்பின் இரண்டிலும் ஒரே பைட்டுகளைச் சேர்க்கும்வரை அவை ஒன்றாகவே இருக்கும். மோதலுக்குப் பின்னால் சி.ஏ. எதைச் சேர்த்தாலும் கவலையில்லை, சான்றிதழ் வந்ததும் பார்த்து நகலெடுத்துக்கொள்ளலாம். கணிக்க வேண்டியது முன்னால் வருவதை மட்டும்தான்.

சாவிக்குள்ள குப்பையை வெச்சா அது சாவியா வேலை செய்யுமா?

செய்ய வைத்தார்கள். ஆர்எஸ்ஏ பொதுச் சாவி இரண்டு பகா எண்களின் பெருக்கல். அந்தப் பகா எண்கள் தெரிந்தால்தான் விண்ணப்பத்தில் கையொப்பமிட முடியும், அந்தக் கையொப்பம் சரியாக இருந்தால்தான் சி.ஏ. விண்ணப்பத்தை ஏற்கும். மோதல் பைட்டுகள் சாவியின் முன்பகுதியையும் நடுப்பகுதியையும் பிடித்துக்கொண்டாலும், கடைசியில் சில பைட்டுகள் இவர்கள் விருப்பத்துக்கு மிஞ்சின. அந்த மிச்சத்தை மாற்றிக்கொண்டே போய், முழு எண்ணும் ஒரு சிறிய பகா எண், ஒரு பெரிய பகா எண் ஆகியவற்றின் பெருக்கலாக அமையும்வரை தேடினார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதுதான் நல்ல சாவிக்கு அழகு. இதுவோ பலவீனமான சாவி. ஆனால் அதைக் காப்பாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லையே.

இவ்வளவு கஷ்டப்பட்டுட்டு ஏன் ஒரு பேங்க் பேர்லயே போலி செய்யலை?

அதைவிடப் பெரியது கையில் கிடைக்கும்போது அது எதற்கு? சாதாரணத் தளச் சான்றிதழில் "இது சி.ஏ. அல்ல" என்று குறிக்கப்பட்டிருக்கும். போலியில் அந்தக் குறிப்பு "ஆம்" என்று மாறியிருந்தது. அதன் சாவி இவர்களிடம் இருப்பதால், எந்த வங்கியின் பெயரிலும் எந்த மின்னஞ்சல் சேவையின் பெயரிலும், எத்தனை வேண்டுமானாலும், இனி மோதலே தேவைப்படாமல், ஷா-1இல்கூட சான்றிதழ் வழங்கிக்கொள்ளலாம்.

தவறாகப் பயன்பட்டுவிடக்கூடாது என்று, போலியின் செல்லுபடிக் காலத்தை அவர்கள் வேண்டுமென்றே 2004 ஆகஸ்ட்–செப்டம்பர் என்று வைத்தார்கள். கணினியின் தேதியைப் பின்னால் தள்ளினால் மட்டுமே அது வேலை செய்யும்.

நாங்க ஷா-1 சான்றிதழ்தான் வெச்சிருந்தோம். எங்களுக்கு என்ன ஆபத்து?

நீங்கள் எதை வைத்திருந்தீர்கள் என்பது இங்கே கணக்கிலேயே வராது. பிரவுசர் தன் பட்டியலில் உள்ள எந்த சி.ஏ.வின் சொல்லையும் எந்தத் தளத்துக்கும் ஏற்கும். பட்டியலில் ஒரே ஒரு சி.ஏ. எம்டி5இல் கையொப்பமிட்டாலும், மேலே சொன்ன வழியில் உங்கள் தளத்தின் பெயரில் போலி வரும். அண்ணாசாலையில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு வங்கி தன் பக்கத்தை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும், எங்கோ ஒரு சி.ஏ. தன் பழைய வழக்கத்தை மாற்றாததால் அதன் வாடிக்கையாளர் ஏமாறலாம்.

அதனால்தான் "நல்ல ஹேஷைப் பயன்படுத்துங்கள்" என்று வழங்குபவர்களுக்கு அறிவுரை சொல்வது போதாது. சரிபார்க்கும் பக்கம், அதாவது பிரவுசரும் இயங்குதளமும், அந்த ஹேஷை ஏற்க மறுத்தால்தான் கதவு மூடும். ரேபிட்எஸ்எஸ்எல்லின் உரிமையாளரான வெரிசைன் அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே எம்டி5ஐ நிறுத்தியது. விண்டோஸோ, தான் நேரடியாக நம்பும் சி.ஏ.க்களின் பட்டியலான ரூட் பட்டியலின் கீழ் வரும் எம்டி5 சான்றிதழ்களை மறுக்கும் மாற்றத்தை எல்லோருக்கும் அனுப்பியது 2014 பிப்ரவரியில்தான். என் கருத்தில் இந்தக் கதையில் மன்னிக்கக் கடினமான பகுதி இந்த ஐந்தாண்டுத் தாமதம்தான்.

போலின்னு தெரிஞ்சதும் ரத்து செஞ்சா முடிஞ்சுதே?

ரத்துப் பட்டியல் எங்கே இருக்கிறது என்ற முகவரியைச் சான்றிதழே சொல்கிறது. இந்தப் போலியில் அந்த முகவரி இல்லை. எழுதியவர்கள் தாக்குபவர்கள், அவர்கள் ஏன் அதை எழுதப் போகிறார்கள்? தவிர, சி.ஏ.வின் பதிவேட்டில் இருப்பது 643015 என்ற சாதுவான சான்றிதழ்தான். அதை ரத்து செய்தாலும் வேறு வரிசை எண் கொண்ட போலியைப் பாதிக்காது. பிரவுசர் தயாரிப்பாளர்கள் அந்தக் குறிப்பிட்ட போலியைக் கையால் தடைப்பட்டியலில் சேர்ப்பது ஒன்றே வழி. அதற்கு அப்படி ஒன்று இருப்பது முதலில் தெரிய வேண்டும்.

சீரியல் நம்பரை ரேண்டமா ஆக்கிட்டா எம்டி5ஏ போதும்தானே?

நல்ல கேள்வி. வரிசை எண் சான்றிதழின் தொடக்கத்திலேயே வருவதால், அதில் யாரும் ஊகிக்க முடியாத பிட்டுகள் போதுமான அளவு இருந்தால், வார இறுதிக் கதையில் சொன்ன கணிப்பு நடக்காது. கணிப்பு இல்லையென்றால் மோதலும் இல்லை. அதனால்தான் பொது சி.ஏ.க்களுக்கான விதி, 2016 செப்டம்பர் 30 முதல், வரிசை எண்ணில் குறைந்தது 64 பிட் சீரற்ற எண் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது.

ஆனால் இதை நம்பி உடைந்த ஹேஷை வைத்துக்கொள்வது சரியல்ல. எல்லா சி.ஏ.க்களும், அவற்றின் கீழ் உள்ள ஒவ்வொரு தானியங்கிச் சேவையும், நல்ல சீரற்ற எண்ணைத்தான் பயன்படுத்துகின்றன என்று வெளியிலிருந்து உறுதிப்படுத்த முடியாது. ஒரு சான்றிதழில் எம்டி5 இருக்கிறதா என்பதை எந்த பிரவுசரும் பார்த்துச் சொல்லும். அதன் வரிசை எண் உண்மையிலேயே சீரற்றதா என்பதை எந்த பிரவுசராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதை நிஜமா யாராச்சும் தப்பா பயன்படுத்தினாங்களா, இல்ல ஆராய்ச்சியோட சரியா?

பயன்படுத்தினார்கள். 2012இல் மேற்கு ஆசியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் என்ற உளவு மென்பொருள், விண்டோஸ் அப்டேட் போல நடித்து அதே நெட்வொர்க்கில் உள்ள கணினிகளுக்குப் பரவியது. அதற்குத் தேவைப்பட்ட மைக்ரோசாஃப்ட் கையொப்பம் ஒரு மோதலிலிருந்து வந்தது. நிறுவனங்களுக்கு டெர்மினல் சர்வர் உரிமம் தரும் மைக்ரோசாஃப்டின் ஒரு சேவை, 2008க்குப் பிறகும், எம்டி5இல் தானியங்கியாகச் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சான்றிதழில் இருந்த ஒரு கட்டாயக் குறிப்பு காரணமாக விஸ்டாவும் அதற்குப் பிந்தைய விண்டோஸும் அதை நிரல் கையொப்பமாக ஏற்காது. அந்தக் குறிப்பு இல்லாத ஒரு சான்றிதழைப் பெறத்தான் ஃபிளேமை எழுதியவர்களுக்கு மோதல் தேவைப்பட்டது.

ஆராய்ச்சியாளர்களிடம் இருந்தது போலி மட்டுமே. அதன் ஜோடி யாருக்கும் கிடைக்கவில்லை. இருந்தும் ஸ்டீவன்ஸ் அந்த ஒன்றை வைத்தே மோதல் நடந்ததை உறுதிசெய்தார். மோதல் துண்டுகளில் வித்தியாசம் எந்தெந்த பிட்டுகளில் இருக்கும் என்பது தெரிந்த வடிவங்களுக்குள் அடங்குவதால், ஒரு கோப்பை எடுத்து அதன் ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியொரு ஜோடி இருந்திருக்க முடியுமா என்று திருப்பிக் கணக்கிடலாம். அப்படிப் பார்த்ததில் ஃபிளேமில் இருந்தது, அதுவரை வெளியாகாத வேறொரு விரும்பிய தொடக்க மோதல் முறை என்பதும் தெரியவந்தது.

ஷா-1ல அந்த மாதிரி போலிச் சான்றிதழ் வரவே இல்லையே, அப்புறம் ஏன் நீக்கினாங்க?

வருவதற்கு முன்பே நீக்கினார்கள். எம்டி5 கதையிலிருந்து துறை உருப்படியாக எடுத்துக்கொண்டது அதுதான். ஷா-1இலும் தேடலைச் சுருக்க முடியும் என்று வாங், யின், யூ ஆகியோர் 2005இலேயே காட்டிவிட்டார்கள். பொது சி.ஏ.க்கள் 2016 ஜனவரி 1 முதல் ஷா-1இல் புதுச் சான்றிதழ் வழங்கக்கூடாது என்றாயிற்று. 2017 தொடக்கத்தில் குரோமும் ஃபயர்பாக்ஸும் அவற்றை ஏற்பதை நிறுத்தின. அந்தக் கெடுவைத் தாண்டித் தேதியைப் பின்போட்டு ஷா-1 சான்றிதழ் வழங்கியது, வோசைன் என்ற சீன சி.ஏ. பிரவுசர்களின் நம்பிக்கையை இழந்ததற்கான காரணங்களுள் ஒன்று.

முதல் ஷா-1 மோதல், ஒரே ஹேஷ் கொண்ட இரண்டு பிடிஎஃப் கோப்புகளாக, 2017 பிப்ரவரி 23 அன்றுதான் வெளியானது. கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் அதைச் செய்தன. அது இரண்டு கோப்புகளின் தொடக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டிய பழைய வகை மோதல். சான்றிதழுக்கு ஆபத்தான விரும்பிய தொடக்க மோதலை 2020 ஜனவரியில் லூரென், பெய்ரன் இருவரும் வெளியிட்டார்கள்; 900 கிராஃபிக்ஸ் கார்டுகள் இரண்டு மாதம் ஓடின. பிரவுசர்கள் மூன்றாண்டு முன்பே கதவை மூடியிருந்ததால், அன்று வலைத்தளங்களுக்கு எதுவும் ஆகவில்லை.

என் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஒரு ரூட் சான்றிதழ் இன்னும் ஷா-1னு காட்டுதே?

ரூட் சான்றிதழில் அந்தக் கையொப்பம் அதன்மேலேயே அது இட்டுக்கொண்டது. பிரவுசர் அதைச் சரிபார்த்து நம்புவதில்லை. அந்தச் சாவி பட்டியலில் இருக்கிறது என்பதாலேயே நம்புகிறது. ஆகவே அங்கே எந்த ஹேஷ் இருந்தாலும் போலிக்கு வழியில்லை. பார்க்க வேண்டியது அந்த ரூட் கீழே உள்ளவற்றுக்கு எந்த ஹேஷில் கையொப்பமிட்டிருக்கிறது என்பதை.

எங்க ஆபீஸ் உள்சர்வர்ல என்ன இருக்குன்னு எப்படிப் பாக்குறது?

சான்றிதழ்க் கோப்பு கையில் இருந்தால் இந்தக் கட்டளை போதும்:

```
openssl x509 -in server.pem -noout -text | grep "Signature Algorithm"
```

ஒரே வரி இரண்டு முறை வரும். ஒன்று கையொப்பமிட்ட பகுதிக்குள் இருப்பது, மற்றொன்று அதற்கு வெளியே இருப்பது. `sha256WithRSAEncryption` என்று வந்தால் சரி. `md5WithRSAEncryption` அல்லது `sha1WithRSAEncryption` என்று வந்தால் மாற்ற வேண்டும். சர்வரின் சான்றிதழோடு நிறுத்தாமல் இடைநிலைச் சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நான் போகும் அலுவலகங்களில் இவை மிச்சமிருப்பது பெரும்பாலும் நிறுவனமே நடத்தும் உள் சி.ஏ.வில், அல்லது பழைய பிரிண்டர், வருகைப்பதிவு இயந்திரம், விபிஎன் பெட்டி ஆகியவற்றில்தான். இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் `ca md too weak` என்ற பிழை வந்து இணைப்பு அறுந்தால், காரணம் இதுவே. உடனே கட்டமைப்புக் கோப்பில் `SECLEVEL=0` என்று போட்டு இணைப்பை மீட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தக் கணினி எம்டி5 கையொப்பத்தை மீண்டும் ஏற்கத் தொடங்கிவிடும், உள் சி.ஏ. வரிசை எண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு, கேட்பவருக்கெல்லாம் தானியங்கியாகச் சான்றிதழும் தருமானால், ரேபிட்எஸ்எஸ்எல்லில் இருந்த மூன்று குறைகளும் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே வந்துவிடும். உள் சி.ஏ.வின் ஹேஷை மாற்றிச் சான்றிதழ்களை மறுபடி வழங்குவது பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான்.

அப்போ டவுன்லோட் பண்ற ஃபைலுக்கு எம்டி5 போட்டுப் பாக்குறதும் தப்பா?

வழியில் கோப்பு சிதைந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் தவறில்லை; தற்செயலான பிழை மோதலைத் தேடிக்கொண்டு வருவதில்லை. பழைய, நம்பத்தக்க கோப்பின் எம்டி5 உங்களிடம் இருந்தால், அதற்கு ஜோடி செய்ய இன்னும் வழியில்லை என்பதை மூன்றாவது கேள்வியிலேயே பார்த்தோம். ஆனால் கோப்பைத் தயாரித்தவரையே நம்ப முடியாத நிலையில் எம்டி5 பயன்படாது: சோதனைக்கு ஒன்றையும் பயன்பாட்டுக்கு மற்றொன்றையும் தரும்படி அவர் ஒரு ஜோடியைத் தயாரித்து வைத்திருக்கலாம். ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிடும் எச்மேக் முறையில் எம்டி5 இருப்பது இந்தத் தாக்குதலுக்கு உள்ளாவதில்லை, ஏனெனில் அந்தச் சாவி தெரியாதவரால் மோதலுக்கு வேண்டிய தொடக்க உள்நிலையைக் கணக்கிட முடியாது. இருந்தாலும் புதிதாக எழுதும் நிரலில் அதைப் போட எந்தக் காரணமும் இல்லை; ஷா-256 எல்லா நூலகங்களிலும் இருக்கிறது.